பணம் கட்டின பிறகு ஆர்டர் கேன்சல்... உங்க காசு இப்போ எங்கே இருக்கு?

நள்ளிரவு 12 மணிக்கு சேல் ஆரம்பிக்குது. 21,499 ரூபாய் போன், 17,999 ரூபாய்க்கு வருது. அலாரம் வெச்சு எழுந்து, யு.பி.ஐ பின் அடிச்சு, பணமும் போயிடுச்சு. ‘ஆர்டர் கன்ஃபர்ம்’னு மெசேஜும் வந்தாச்சு. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு மெசேஜ்: ‘தவிர்க்க முடியாத காரணத்தால் விற்பனையாளர் உங்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்.’ அதுக்குள்ள சேல் முடிஞ்சு, அதே போன் பழைய விலைக்கே திரும்பியிருக்கும்.

இந்த நேரத்துல எல்லாருக்கும் வர்றது ரெண்டே கேள்விதான். காசை வாங்கிட்டு ஏன் கேன்சல் பண்றாங்க? அந்தக் காசு இப்போ யார் கையில இருக்கு? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா, யார்கிட்ட பேசணும், எப்போ கோபப்படணும், எவ்வளவு நாள் காத்திருக்கணும்னு தெளிவா புரிஞ்சுடும்.

விக்கிறது யாரு?

முதல்ல ஒரு விஷயம். பெரிய ஷாப்பிங் ஆப்ல நீங்க வாங்கும்போது, பெரும்பாலும் அந்த ஆப் உங்களுக்குப் பொருளை விக்கிறதில்லை. ஆப் என்பது ஒரு சந்தை. அதுல கடை போட்டிருக்கிற ஒரு வியாபாரிதான் உங்களுக்கு விக்கிறார். வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள், தாங்களே சரக்கை வெச்சிருந்து நேரடியா வாடிக்கையாளருக்கு விக்கக் கூடாதுங்கிறது இந்திய அரசின் முதலீட்டுக் கொள்கை. அதனாலதான் பொருளோட பக்கத்துல ‘Sold by’னு ஒரு பெயர் சின்ன எழுத்துல இருக்கும். அந்தப் பெயர் திருப்பூர்ல இருக்கிற சின்ன கம்பெனியா இருக்கலாம், டெல்லியில இருக்கிற மொத்த வியாபாரியா இருக்கலாம்.

ஆக, இந்தக் கதையில மூணு பேர் இருக்காங்க: நீங்க, ஆப், செல்லர். கேன்சல் பட்டனை அழுத்துறது செல்லர். ஆனா, பணத்தை வெச்சிருக்கிறது செல்லர் இல்லை. குழப்பமே இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

ஏன் கேன்சல் பண்றாங்க?

அதிகமா நடக்கிற காரணம், ஸ்டாக் கணக்கு. ஒரு செல்லர்கிட்ட 10 போன் இருக்குன்னு வெச்சுக்குங்க. அந்த 10 போனையும் அவர் மூணு ஆப்ல போட்டிருப்பார். ஒரு ஆப்ல வித்தா மத்த ரெண்டுலயும் எண்ணிக்கை தானா குறையணும். அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா, அது சில நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி இருந்தா, சேல் ஆரம்பிச்ச முதல் அஞ்சு நிமிஷத்துல மூணு ஆப்லயும் சேர்த்து 17 ஆர்டர் விழுந்துடும். கையில இருக்கிறது 10. மிச்சம் ஏழு பேருக்கு கேன்சல் மெசேஜ் போகும். இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. கணக்கு ஒத்துப்போகலை, அவ்ளோதான். சாதாரண நாளைவிட சேல் நாள்ல இது அதிகமா நடக்க இதுதான் காரணம்.

ரெண்டாவது காரணம், விலை. இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நிஜமாவே தப்பா டைப் பண்ணினது. 19,000 ரூபாய்னு போட வேண்டிய இடத்துல ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 1,900 ஆகியிருக்கும். இன்னொண்ணு, ஆர்டர் எடுத்த பிறகு மார்க்கெட்ல விலை ஏறினது. பழைய விலைக்கு அனுப்பினா லாபம் போகும்னு செல்லர் பின்வாங்குவார். முதல் வகையும் இரண்டாவது வகையும் உங்க போன்ல ஒரே மெசேஜாத்தான் வரும். ஆனா, சட்டத்தின் பார்வையில ரெண்டும் வேற வேற.

மூணாவது, அனுப்புற கெடு. ஆர்டர் வந்ததும் செல்லருக்கு ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இத்தனை மணிக்குள்ள பேக் பண்ணி, லேபிள் ஒட்டி, கூரியர்கிட்ட கொடுக்கணும்னு ஆப் கெடு வெச்சிருக்கும். அதைத் தாண்டினா சிஸ்டமே ஆர்டரைக் கேன்சல் பண்ணிடலாம். உங்க பின்கோடுக்கு அந்த கூரியர் போகாதது, ஒரே முகவரியில இருந்து நாலஞ்சு போன் ஆர்டர் வந்து சந்தேகப் பட்டியல்ல விழுறது, செல்லரோட கணக்கையே ஆப் முடக்கி வைக்கிறது... இதெல்லாமும் உண்டு.

என்ன காரணம்னு நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேன்சல் மெசேஜ் வந்த உடனே அதே பொருளோட பக்கத்தைத் திறந்து பாருங்க. ‘ஸ்டாக் இல்லை’ன்னு இருந்தா, அநேகமா முதல் காரணம். அதே செல்லர், அதே பொருள், விலை மட்டும் ஏறியிருந்தா? அந்தப் பக்கத்தை நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. பின்னாடி வேணும்.

‘நீங்களே கேன்சல் பண்ணிடுங்களேன்!’

சில நேரம் மெசேஜுக்குப் பதிலா போன் வரும். ‘சார், ஸ்டாக் இல்லை. நீங்களே ஆப்ல கேன்சல் கொடுத்துடுங்க, காசு உடனே வந்துடும்’னு ரொம்ப மரியாதையா பேசுவாங்க. நாமளும் ‘சரி, யார் பண்ணினா என்ன’ன்னு பட்டனை அழுத்திடுவோம்.

யார் அழுத்துறாங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. செல்லர் தானா கேன்சல் பண்ணினா அது அவரோட ரெக்கார்டுல ஏறும். உதாரணமா, தாங்களே பேக் பண்ணி அனுப்புற செல்லர்களோட கேன்சல் விகிதம் 2.5 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கணும்னு அமேசான் வரம்பு வெச்சிருக்கு. 200 ஆர்டருக்கு அஞ்சு கேன்சல் ஆனாலே அந்த வரம்பைத் தொட்டுடும். அதுக்கு மேல போனா கணக்கு முடங்கும் அபாயம் இருக்கு. ஆனா, வாடிக்கையாளரே கேன்சல் பண்ணினா அது செல்லர் தலையில விழாது.

உங்க பக்கத்துலயும் இழப்பு இருக்கு. ரெக்கார்டுல ‘வாடிக்கையாளர் ரத்து செய்தார்’னு பதிவாகிட்டா, நாளைக்கு நீங்க புகார் கொடுக்கும்போது ‘அவர்தானே வேண்டாம்னு சொன்னார்’னு ஒரே வரியில பதில் வந்துடும். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்ல ஒரு வரி இருக்கு. வாடிக்கையாளர் கேன்சல் பண்ணினா கட்டணம் பிடிக்கிற நிறுவனம், தானே தன்னிச்சையா கேன்சல் பண்ணும்போது அதே மாதிரியான கட்டணத்தைத் தானும் ஏத்துக்கணும். யார் கேன்சல் பண்ணினாங்கங்கிறது அந்த அளவுக்கு முக்கியம்.

அதனால அப்படி போன் வந்தா, ‘ஸ்டாக் இல்லைன்னா நீங்களே கேன்சல் பண்ணுங்க, எனக்குப் பிரச்னை இல்லை’ன்னு சொல்லிட்டு வெச்சுடுங்க. அதே விஷயத்தை ஆப்போட சாட்லயும் ஒரு வரி எழுதிப் போடுங்க. அது எழுத்துபூர்வமான ஆதாரம்.

பணம் திரும்பினாலும் வழக்கு உண்டு

‘காசுதான் முழுசா திரும்பி வந்துடுச்சே, இனி என்ன கேட்க முடியும்?’னு பலர் விட்டுடுறாங்க. மும்பையில ஒருத்தர் விடலை. 2022 ஜூலை 10-ம் தேதி ஃப்ளிப்கார்ட்ல ஐபோன் ஆர்டர் பண்ணி, கிரெடிட் கார்டுல 39,628 ரூபாய் கட்டினார். ரெண்டு நாள்ல வர வேண்டிய போன் வரலை. ஆறு நாள் கழிச்சு, ஆர்டர் கேன்சல்னு எஸ்.எம்.எஸ் வந்தது. டெலிவரி ஊழியர் பல தடவை போனார், வாடிக்கையாளர் இல்லைங்கிறது நிறுவனத்தோட வாதம். பணம் திரும்பிடுச்சு. ஆனா, அதுக்குள்ள போனோட விலை ஏறிடுச்சுங்கிறது அவர் புகார்.

மத்திய மும்பை மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024-ல் இதுல தீர்ப்பு சொன்னது. வாடிக்கையாளரைப் புதுசா ஆர்டர் போடச் சொன்னதைக் கவனத்துல எடுத்துக்கிட்ட ஆணையம், கூடுதல் லாபத்துக்காகத்தான் ஆர்டர் ரத்து செய்யப்பட்டிருக்குன்னு முடிவுக்கு வந்தது. பணம் திரும்பக் கிடைச்சிருந்தாலும், தன்னிச்சையா ரத்து செய்ததால ஏற்பட்ட மன உளைச்சலுக்கு 10,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 3,000 ரூபாயும் தரச் சொன்னது.

இன்னொரு வழக்கு ஒடிசாவுல. 2014-ல் ஒரு சட்டக் கல்லூரி மாணவர், அமேசான்ல 190 ரூபாய்னு காட்டின லேப்டாப்பை ஆர்டர் பண்ணினார். அதோட வழக்கமான விலை 23,499 ரூபாய். ரெண்டு மணி நேரத்துல கேன்சல். விலையில் ஏற்பட்ட பிரச்னைன்னு காரணம் சொன்னாங்க. 2021 ஜனவரியில ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம், இழப்பீடு, தண்டத்தொகை, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து அவருக்கு 45,000 ரூபாய் தரச் சொல்லி உத்தரவிட்டது.

இந்த ரெண்டையும் பார்த்துட்டு, ஒவ்வொரு கேன்சலுக்கும் ஆயிரக்கணக்குல வந்துடும்னு நினைச்சுடாதீங்க. ஒடிசா மாணவர் ஆறு வருஷத்துக்கு மேல காத்திருந்தார். பல தளங்களோட விதிமுறையில, ‘உங்கள் ஆர்டர் என்பது வாங்குவதற்கான விருப்பம் மட்டுமே, பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உறுதியாகும்’ங்கிற மாதிரி வரி இருக்கும். நாம எல்லாரும் படிக்காம ‘ஓகே’ கொடுத்த விதிமுறை அது. அதைக் கேடயமா பிடிப்பாங்க. நிஜமாவே ஸ்டாக் இல்லாம கேன்சல் ஆகி, காசும் ஒழுங்கா வந்துட்டா வழக்கு பலவீனம். விலையை ஏத்தி அதே பொருளைத் திரும்ப வித்தாங்கன்னு காட்ட முடிஞ்சா வழக்கு பலமாகுது. மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட் அதுக்குத்தான்.

சரி, காசு எங்கே?

இப்போ பணத்தோட பாதையைப் பார்ப்போம். நீங்க கட்டின 17,999 ரூபாய், செல்லரோட வங்கிக் கணக்குக்கு நேரா போகலை. நடுவுல ‘பேமென்ட் அக்ரிகேட்டர்’னு ஒரு நிறுவனம் இருக்கு. கடைகளுக்காக மொத்தமா பணம் வசூலிச்சு, பிறகு பிரிச்சுக் கொடுக்கிறது அதோட வேலை. அப்படி வசூலிக்கிற பணத்தைத் தன் சொந்தக் கணக்குல வெச்சுக்க முடியாது. ஒரு வங்கியில தனியா ‘எஸ்க்ரோ’ கணக்குல வைக்கணும்னு ரிசர்வ் வங்கி 2020-ல் விதி போட்டது. நம்ம ஊர் பாஷையில சொன்னா, பொருள் கைமாறும் வரைக்கும் நடுவுல ஒருத்தர்கிட்ட பணத்தைக் கொடுத்து வைக்கிற மாதிரி. பெரிய ஆப்கள்ல பொருள் டெலிவரி ஆகி, பெரும்பாலும் ரிட்டர்ன் காலமும் முடிஞ்ச பிறகுதான் செல்லருக்குப் பணம் போகுது.

அதனால, செல்லர் கேன்சல் பண்ணின நிமிஷத்துல உங்க காசு அவர்கிட்ட இல்லவே இல்லை. ‘செல்லர் இன்னும் பணம் அனுப்பலை, காத்திருங்க’ன்னு பெரிய ஆப்போட கஸ்டமர் கேர் சொன்னா, அதை அப்படியே ஏத்துக்க வேண்டியதில்லை. திருப்பி அனுப்ப வேண்டிய வேலை ஆப்போட பேமென்ட் பிரிவோடது.

அதே விதியில உங்களுக்குச் சாதகமான இன்னொண்ணும் இருக்கு. ரீஃபண்ட், நீங்க எந்த வழியில கட்டினீங்களோ அதே வழியிலதான் வரணும். வேற வழியில வரணும்னா, நீங்க குறிப்பா சம்மதிச்சிருக்கணும். ‘உடனே வேணும்னா வாலட்டுக்கு, ரெண்டு மூணு நாள் ஆகும்னா பேங்க்குக்கு’ன்னு ஆப் ஒரு ஸ்கிரீன் காட்டுமே, அதுல நீங்க வாலட்டைத் தொடுறதுதான் அந்தச் சம்மதம். வாலட்ல வந்த காசு பெரும்பாலும் அந்த ஆப்லயே செலவு பண்ண மட்டும்தான் உதவும். அவசரத்துல தொட்டுடாதீங்க.

‘Refund Initiated’ முதல் பேங்க் மெசேஜ் வரை

நம்ம 17,999 ரூபாய் கதைக்கே வருவோம். வெள்ளி நள்ளிரவு ஆர்டர். ஞாயிறு மதியம் கேன்சல். அன்னிக்கு சாயங்காலம் ஆப்ல ‘Refund Initiated’னு வருது. பேங்க் பேலன்ஸ்ல ஒண்ணும் காணோம். ஏன்?

‘Initiated’ன்னா, ஆப் தன் பேமென்ட் நிறுவனத்துக்கு ‘இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு’ன்னு உத்தரவு கொடுத்தாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்கப்புறம் பேமென்ட் நிறுவனம் தன்னோட வங்கிக்குச் சொல்லணும். அந்த வங்கி யு.பி.ஐ வழியா உங்க வங்கிக்கு அனுப்பணும். உங்க வங்கி அதை உங்க கணக்குல ஏத்தணும். நீங்க பணம் கட்டினப்போ இது அத்தனையும் சில விநாடியில நடந்தது. திரும்பும்போது சில நிறுவனங்கள் உடனுக்குடன் அனுப்பும். சில நிறுவனங்கள் நாள் முழுக்கச் சேர்ந்த ரீஃபண்டை மொத்தமா ஒரு கட்டா அனுப்பும். அதனாலதான் ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷத்துல வர்ற பணம், இன்னொருத்தருக்கு மூணு நாள் ஆகுது.

இதுல கவனிக்க வேண்டியது நம்பர். நீங்க கட்டினப்போ ஒரு 12 இலக்க நம்பர் வந்திருக்கும். யு.பி.ஐ ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தா தெரியும். ரீஃபண்ட் என்பது அந்தப் பழைய பரிவர்த்தனையோட தொடர்ச்சி இல்லை, புதுசா வர்ற ஒரு வரவு. அதுக்குத் தனி நம்பர் உண்டு. ஆப்ல ‘ரீஃபண்ட் முடிஞ்சது’ன்னு காட்டி, காசு வரலைன்னா, அந்த ரீஃபண்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்க. அதைக் கொடுத்தா உங்க வங்கியால தேட முடியும். பழைய நம்பரைக் கொடுத்தா, ‘உங்க பேமென்ட் சக்சஸ்ஃபுல்’னு பதில் வரும். அதுவும் உண்மைதான், ஆனா உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு இடத்துலயும் பலர் தேடித் தவிப்பாங்க. உங்க யு.பி.ஐ ஆப்ல ரெண்டு வங்கிக் கணக்கு இருந்தா, எதுல இருந்து கட்டினீங்களோ அதுலதான் ரீஃபண்ட் ஏறும். இப்போ டீஃபால்ட்டா வெச்சிருக்கிற கணக்குல தேடாதீங்க.

கார்டுல கட்டியிருந்தா பாதை இன்னும் நீளம். கடையோட வங்கி, கார்டு நெட்வொர்க், உங்க கார்டு வங்கின்னு மூணு இடத்தைத் தாண்டணும். வேலை நாட்கள் கணக்குல ஒரு வாரம் வரைக்கும் ஆகலாம். கார்டு ரீஃபண்டுக்குத் தேட வேண்டிய நம்பர் ‘ARN’. 23 இலக்கம் இருக்கும். கஸ்டமர் கேர்ல ‘ஏ.ஆர்.என் கொடுங்க’ன்னு கேளுங்க. கொடுத்துட்டாங்கன்னா பணம் அவங்க பக்கத்துல இருந்து கிளம்பிடுச்சு, இனி உங்க வங்கிகிட்ட பேசணும். கொடுக்க முடியலைன்னா, பணம் இன்னும் கிளம்பவே இல்லை. ‘Initiated’ங்கிற வார்த்தையைவிட இந்த நம்பரை நம்பலாம்.

கிரெடிட் கார்டுல பில் தேதி ஒரு பொறி. அக்டோபர் 3-ம் தேதி வாங்கினீங்க, 5-ம் தேதி பில் வந்தது, 8-ம் தேதி கேன்சல் ஆச்சு. பில்லுல மொத்தம் 24,000 ரூபாய், அதுல 17,999 இந்த போன். கட்ட வேண்டிய கடைசி நாள் 23. ரீஃபண்ட் 14-ம் தேதி வந்துட்டா, அதை நீங்க இன்னும் கட்டாத பாக்கியிலயே வங்கி உடனே கழிக்கணும்னு ரிசர்வ் வங்கியோட கார்டு விதிகள் சொல்லுது. அப்போ நீங்க கட்ட வேண்டியது 6,001 ரூபாய். ஆப்ல அந்தப் பாக்கி குறைஞ்சிருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. 22-ம் தேதி வரைக்கும் ரீஃபண்ட் வரலைன்னா, ‘எப்படியும் வரும்தானே’ன்னு குறைச்சுக் கட்டாதீங்க. முழு பில்லையும் கட்டிடுங்க. கட்டலைன்னா வட்டி ஓடும். பின்னாடி வர்ற ரீஃபண்ட் உங்க கார்டு கணக்குல வரவா நிக்கும்.

அந்த 100 ரூபாய் விதி யாருக்கு?

‘பணம் வர லேட்டானா, ஒரு நாளைக்கு 100 ரூபாய் தரணும்’னு வாட்ஸ்அப்ல அடிக்கடி ஒரு செய்தி சுத்தும். அப்படி ஒரு விதி நிஜமாவே இருக்கு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி போட்டது. ஆனா, அது கேன்சல் ஆன ஆர்டருக்கு இல்லை, தோல்வியடைஞ்ச பரிவர்த்தனைக்கு.

வித்தியாசம் இதுதான். உங்க கணக்குல இருந்து பணம் கழிஞ்சிடுச்சு, ஆனா கடைக்குப் ‘பணம் வந்தது’ங்கிற தகவல் போகலை, ஆர்டரே பதிவாகலை. இது தோல்வி. இதுல யு.பி.ஐ-யா இருந்தாலும் ஆன்லைன் கார்டு பேமென்டா இருந்தாலும், பரிவர்த்தனை நாள்ல இருந்து அஞ்சு நாளுக்குள்ள பணம் தானா திரும்பணும். தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், நீங்க கேட்காமலே வந்து சேரணும்.

ஆர்டர் கன்ஃபர்ம் ஆகி, பிறகு செல்லர் கேன்சல் பண்ணினது வேற கதை. வங்கியின் பார்வையில உங்க பேமென்ட் வெற்றிகரமா முடிஞ்சது. ரீஃபண்ட் என்பது கடை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதுக்கு மின்வணிக விதிகள் சொல்றது ‘நியாயமான காலத்துக்குள்’ங்கிறது மட்டும்தான். நாள் கணக்கு இல்லை. அதனால ஆப் தானே காட்டுற ரீஃபண்ட் தேதிதான் உங்க அளவுகோல். அந்த ஸ்கிரீனையும் எடுத்து வெச்சுக்குங்க. உங்க ஆர்டர் ஹிஸ்டரியில அந்த ஆர்டர் இருக்கா இல்லையான்னு பார்த்தாலே, நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும்.

இன்ஸ்டா கடையில வாங்கினா?

மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் நடுவுல ஒருத்தர் பணத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிறவரைக்கும்தான். இன்ஸ்டாகிராம்ல ஒரு புடவைக் கடை. டி.எம் பண்ணினா ஒரு போன் நம்பர் வரும், அதுக்கு ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும். இதுல எஸ்க்ரோ இல்லை, செல்லர் இல்லாத சந்தையும் இல்லை. நீங்க பண்ணினது நண்பருக்கு அனுப்புற மாதிரி ஆளுக்கு ஆள் பணப் பரிமாற்றம். அடுத்த விநாடியே காசு அவங்க கணக்குல. ‘ஸ்டாக் முடிஞ்சுடுச்சு, அடுத்த வாரம் ரீஃபண்ட்’னு சொன்னா, அவங்க மனசு வெச்சு அனுப்பினாத்தான் உண்டு. வங்கியால அதை இழுத்துக் கொண்டுவர முடியாது.

நடுவுல இன்னொரு வகை: சொந்த வெப்சைட் வெச்சிருக்கிற சின்ன பிராண்டுகள். இவங்க பேமென்ட் கேட்வே வெச்சிருப்பாங்க. ஆனா, பணம் ஒண்ணு ரெண்டு நாள்லயே அவங்க கணக்குக்குப் போயிடும். பிறகு கேன்சல் பண்ணினா, கேட்வேல அவங்க இருப்புல இருந்துதான் ரீஃபண்ட் போகும். இருப்பு இல்லைன்னா ரீஃபண்ட் நிக்கும். ‘Initiated’னு வாரக்கணக்கா அப்படியே கிடந்தா, இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். புதுக் கடையில முதல் தடவை வாங்கும்போது கேஷ் ஆன் டெலிவரி இருந்தா அதை எடுங்க. இல்லைன்னா கார்டுல கட்டுங்க. கார்டுல, ‘கேன்சல் ஆச்சு, ரீஃபண்ட் வரலை’ன்னு உங்க வங்கி மூலமா ‘சார்ஜ்பேக்’ கேட்கிற வழி இருக்கு. அதுக்குக் காலக்கெடு உண்டு, மாசக்கணக்கா தள்ளிப்போடாதீங்க.

தேதி தாண்டிடுச்சு... அடுத்து?

ஆப் சொன்ன தேதி முடிஞ்சும் காசு வரலைன்னா, சாட்ல மணிக்கணக்கா மல்லுக்கட்டுறதைவிட, அந்த நிறுவனத்தோட ‘கிரீவன்ஸ் ஆபீஸர்’க்கு ஒரு மெயில் போடுங்க. அவர் பெயரும் தொடர்பு விவரமும் ஆப்லயோ வெப்சைட்லயோ கட்டாயம் இருக்கணும். புகார் கிடைச்சதை அவர் 48 மணி நேரத்துக்குள்ள உறுதிப்படுத்தணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். இது சட்டம். மெயில்ல ஆர்டர் நம்பர், கட்டின தொகை, கேன்சல் ஆன தேதி, அவங்க சொன்ன ரீஃபண்ட் தேதி, இந்த நாலும் போதும். கோபத்தை அதுல எழுத வேண்டாம்.

அதுக்கும் அசையலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவங்க நிறுவனத்துக்கு உங்க புகாரை அனுப்பிப் பதில் கேட்பாங்க. உத்தரவு போடுற அதிகாரம் கிடையாது. உத்தரவு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். செல்லர் டெல்லியில இருந்தாலும், நீங்க இருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம். பொருளோட மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, e-jagriti.gov.in தளத்துல வீட்ல இருந்தே பதிவு பண்ணலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஏ.ஆர்.என் கொடுத்தும் உங்க வங்கி பணத்தை ஏத்தலைன்னா மட்டும், வங்கிக்கு எழுத்துல புகார் கொடுத்து, 30 நாள் பார்த்துட்டு, ரிசர்வ் வங்கியோட cms.rbi.org.in தளத்துக்குப் போகலாம்.

இந்தக் காத்திருக்கிற நாட்கள்தான் மோசடிக்காரங்களுக்குக் கொண்டாட்டம். ரீஃபண்ட் வரலைங்கிற பதற்றத்துல கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடுவோம். முதல்ல வர்ற நம்பர் போலியா இருக்கும். ‘ரீஃபண்ட் அனுப்பறோம், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, பின் அடிங்க’ன்னு சொல்வாங்க. யு.பி.ஐ பின் என்பது காசு வெளியே போறதுக்கு மட்டும். உள்ளே வர்ற காசுக்குப் பின் வேண்டாம், ஓ.டி.பி வேண்டாம், எந்த லிங்க்கும் வேண்டாம். நம்பரை ஷாப்பிங் ஆப்புக்குள்ள இருந்து மட்டும் எடுங்க. மீறி ஏமாந்துட்டா, உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, போன பணத்தை வழியிலயே முடக்குற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அடுத்த சேலுக்கு அலாரம் வைக்கும்போது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ‘Sold by’ங்கிற அந்தச் சின்ன எழுத்தைத் தொட்டு, செல்லரோட ரேட்டிங்கை மட்டும் பார்த்துடுங்க. ‘ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டாங்க’ன்னு நாலு பேர் ஏற்கெனவே புலம்பியிருந்தா, அஞ்சாவது ஆளா நீங்க போக வேண்டாமே!